5 லட்சமா, 3.66 லட்சமா? பாபநாசத்துக்கு வந்த இரண்டு ஆஃபர் லெட்டர்

சென்னையிலிருந்து ஆண்டுக்கு 5 லட்சம் என்று ஓர் ஆஃபர். தஞ்சாவூரிலிருந்து ஆண்டுக்கு 3 லட்சத்து 66 ஆயிரம் என்று இன்னோர் ஆஃபர். இரண்டும் ஒரே வாரத்தில் வந்தவை. வந்தது ஒரே பெண்ணுக்கு, வீடு தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசத்தில். இந்த வருடம்தான் பொறியியல் முடித்தவர். இரண்டுமே மென்பொருள் வேலை, இரண்டிலும் ஆகஸ்டில் சேர வேண்டும். அவருடைய அப்பாவுக்கு இதில் யோசிக்கவே ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. "அஞ்சு லட்சம் பெருசா, மூணரை லட்சம் பெருசா? பன்னெண்டால வகுத்தா மாசம் நாப்பத்தோராயிரத்துக்கு மேல வருது. இதுல என்ன தம்பி கேள்வி?" என்றார்.

கேள்வி அந்த வகுத்தலில்தான் இருக்கிறது. சிடிசி என்று கடிதத்தின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் போடும் தொகை, உங்களுக்காக ஒரு வருடத்தில் நிறுவனத்துக்கு ஆகக்கூடிய செலவு. உங்கள் வங்கிக் கணக்கில் விழும் சம்பளம் அதற்குள் ஒரு பகுதி மட்டும்தான். எவ்வளவு பெரிய பகுதி என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதனால் இரண்டு சிடிசியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரியது எது என்று பார்ப்பதில் பயனில்லை. களத்தில் அளந்த நெல்லை வைத்து வீட்டில் எத்தனை நாளைக்குச் சோறு என்று யாரும் கணக்குப் போடுவதில்லை, அரைத்து வந்த அரிசியை வைத்துத்தான் போடுகிறோம்.

நான் பல வருடம் சம்பளப் பட்டியல் போடும் வேலையில் இருந்தவன். அதனால் அந்தக் கடிதங்களில் முதல் பக்கத்தை விட்டுவிட்டு நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். அனெக்ஷர் என்றோ சாலரி பிரேக்-அப் என்றோ தலைப்பிட்டு ஒரு பட்டியல் அங்கேதான் இருக்கும். அது இல்லாமல் வெறும் சிடிசி மட்டும் போட்டு ஒரு கடிதம் வந்தால், பட்டியலைக் கேட்டு வாங்கும் வரை அந்த ஆஃபரைப் பற்றி எந்த முடிவும் எடுக்க முடியாது. இந்த இரண்டிலும் இருந்தது. ஆண்டுக் கணக்கில் இப்படி:

| | சென்னை | தஞ்சாவூர் |
|---|---|---|
| பேசிக் | 1,92,000 | 1,80,000 |
| வீட்டு வாடகைப் படி | 72,000 | 60,000 |
| ஸ்பெஷல் அலவன்ஸ் | 96,000 | 90,000 |
| நிறுவனத்தின் பி.எஃப். பங்கு | 21,600 | 21,600 |
| கிராஜுவிட்டி | 9,235 | 8,658 |
| மருத்துவக் காப்பீடு | 9,165 | 5,742 |
| வேரியபிள் பே | 50,000 | இல்லை |
| ரிடென்ஷன் போனஸ் | 50,000 | இல்லை |
| சிடிசி | 5,00,000 | 3,66,000 |

முதல் மூன்று வரிகளைக் கூட்டுங்கள். மாதம் தவறாமல் வரும் சம்பளம் அவ்வளவுதான். சென்னையில் 3,60,000, அதாவது மாதம் 30,000. தஞ்சாவூரில் 3,30,000, மாதம் 27,500. சிடிசியில் 1,34,000 ரூபாய் வித்தியாசம் தெரிந்தது. மாதச் சம்பளத்தில் அது 2,500 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. மீதி எங்கே போனது என்று வரிவரியாகப் பார்ப்போம்.

பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதி வரியில்தான் புதிதாக வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் குழப்பம் வருகிறது. சட்டப்படி நீங்கள் ஒரு பங்கும் நிறுவனம் ஒரு பங்கும் போட வேண்டும், பங்குக்கு 12 சதவீதம். மாதம் 15,000 ரூபாய் ஊதியத்தை உச்சவரம்பாக வைத்துக் கணக்கிடலாம் என்பதால் நிறைய நிறுவனங்கள் அதில் 12 சதவீதமான 1,800 ரூபாயோடு நிறுத்திக்கொள்கின்றன. பட்டியலில் இருக்கும் 21,600 நிறுவனத்தின் பங்கு, மாதம் 1,800. உங்கள் பங்கான இன்னொரு 1,800 இந்தப் பட்டியலில் எங்கும் தனியாகத் தெரியாது. மாதச் சம்பளமான 30,000-லிருந்து அது பிடிக்கப்படும். ஆக சிடிசியில் இருந்து பி.எஃப். இரண்டு இடத்தில் குறைகிறது: முதலில் மாதச் சம்பளக் கணக்குக்கு வரும் முன்பே ஒரு முறை, பிறகு சம்பளத்திலிருந்து ஒரு முறை.

ஆனால் இது போய்விட்ட பணம் இல்லை. உங்கள் பெயரில் சேருகிறது, வட்டியும் உண்டு. 2024-25-க்கு 8.25 சதவீதம் கொடுத்தார்கள். இரண்டு பங்கும் சேர்ந்து வருடத்துக்கு 43,200. இன்று செலவுக்கு எடுக்க முடியாது என்பது மட்டும்தான் குறை. நிறுவனத்தின் பங்கில் ஒரு பகுதி பென்ஷன் திட்டத்துக்குப் பிரிந்து போவதும் உண்டு. அப்படிப் பிரிந்தால் 1,250 அங்கே போய், மீதி 550 மட்டும் பி.எஃப். பக்கம் தெரியும். பி.எஃப். பாஸ்புக்கில் 550-ஐப் பார்த்துவிட்டுப் பணத்தைக் காணோம் என்று பதற வேண்டியதில்லை.

கிராஜுவிட்டி என்பது வேலையை விடும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை, இங்கே பேசிக்கில் 4.81 சதவீதம். இந்தச் சதவீதம் ஒரு சூத்திரத்திலிருந்து வருகிறது: வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கிக் கொடுக்க வேண்டும். இந்தக் கடிதங்கள் பேசிக்கை அந்த ஊதியமாக எடுத்திருக்கின்றன. நிரந்தரப் பணியாளராக இருந்தால் ஐந்து வருடம் முடித்தால்தான் கிடைக்கும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டுச் சேர்பவர்களுக்கு மட்டும், 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி ஒரு வருடம் போதும். இருபத்திரண்டு வயதில் முதல் வேலையில் சேர்பவர் ஐந்து வருடம் அதே இடத்தில் இருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. என் கணக்கில் நான் கிராஜுவிட்டிக்குச் சுழியம்தான் போடுவேன், இரண்டு பக்கமும்.

மருத்துவக் காப்பீடு என்பது உங்களுக்காக நிறுவனம் கட்டும் பிரீமியம். பணமாகக் கைக்கு வராது, ஆனால் வெறும் காகிதமும் இல்லை. இரண்டு ஆஃபரிலும் பெற்றோருக்கும் சேர்த்துத்தான் காப்பீடு. சென்னையில் 5 லட்சம் வரை, தஞ்சாவூரில் 2 லட்சம் வரை. ஐம்பது வயது தாண்டிய அப்பா அம்மாவுக்குத் தனியாகப் பாலிசி எடுக்க விசாரித்துப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் அருமை தெரியும். இந்த ஒரு வரியில் சென்னை தெளிவாக முன்னால் நிற்கிறது.

சரி, இப்போது மாதச் சம்பளத்திலிருந்து என்னென்ன பிடிப்பார்கள்? பி.எஃப். 1,800. அப்புறம் தொழில் வரி. தமிழ்நாட்டில் இது உள்ளாட்சி அமைப்புக்குப் போகிறது, அரையாண்டுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 1,250 ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால் 208 ரூபாய்தான், ஆனால் சில நிறுவனங்கள் ஒரே மாதத்தில் மொத்தமாகப் பிடிக்கும். அந்த மாதம் சம்பளம் ஏன் குறைந்தது என்று யோசிக்க வேண்டாம். வருமான வரி இரண்டு ஆஃபருக்கும் இல்லை. 2025-26 முதல் புதிய முறையில், 75,000 நிலையான கழிவையும் சேர்த்துச் சம்பளம் 12 லட்சத்து 75 ஆயிரம் வரை வரி கட்ட வேண்டியதில்லை.

அப்படியானால் வங்கியில் விழுவது, தொழில் வரி பிடிக்காத மாதத்தில், சென்னையில் 28,200. தஞ்சாவூரில் 25,700. பன்னிரண்டால் வகுத்துக் கிடைத்த 41,667 எங்கே, இந்த 28,200 எங்கே! பதின்மூன்றாயிரத்துக்கு மேல் தள்ளி நிற்கிறது. தஞ்சாவூர் ஆஃபரில் 30,500 என்று எதிர்பார்த்தால் 25,700 வருகிறது, இடைவெளி ஐயாயிரத்துக்குள். சென்னைக் கடிதத்தில் அந்த இடைவெளியைப் பெரிதாக்கியவை சிடிசிக்கு முந்தைய இரண்டு வரிகள்தான், வேலையின் மதிப்பீட்டைப் பொறுத்துத் தரும் வேரியபிளும், விலகாமல் இருப்பதற்காகத் தரும் ரிடென்ஷனும். ஒரு லட்சம் ரூபாய் அங்கே இருக்கிறது. அதனால் அந்த இரண்டு வரியைப் பற்றி மட்டும் நிறுவனத்துக்கு ஒரு மெயில் எழுதச் சொன்னேன்.

மெயிலில் கேட்டவை இவ்வளவுதான். வேரியபிள் எந்த மாதம் வரும், முதல் வருடத்தில் முழுதாக உண்டா? போன வருடம் இதே நிலையில் இருந்தவர்களுக்கு எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள்? ரிடென்ஷன் போனஸ் எப்போது வரும், வாங்கிய பிறகு விலகினால் திருப்பித் தர வேண்டுமா? பயிற்சிக் காலத்திலும் இதே சம்பளம்தானா?

இப்படிக் கேட்டால் ஆஃபரையே ரத்து செய்துவிடுவார்களோ என்று அந்தப் பெண் ரொம்பவே தயங்கினார். ஹெச்ஆர் துறையில் இருப்பவர்களுக்கு இவை தினமும் வரும் கேள்விகள். மரியாதையாக, ஒரே மெயிலில், எண் போட்டுக் கேட்டால் எண் போட்டே பதில் வரும். தொலைபேசியில் கேட்டால் மட்டும் போதாது. போனில் சொன்ன பதிலை ஒன்றரை வருடம் கழித்து யாரிடமும் காட்ட முடியாது.

மூன்றாம் நாள் பதில் வந்தது. வேரியபிள் நிதியாண்டு முடிந்து மதிப்பீடு நடந்தபின் ஜூன் மாதம் தரப்படும். முதல் மூன்று மாதம் பயிற்சி, அந்தக் காலத்துக்கு வேரியபிள் கிடையாது, சம்பளம் உண்டு. ரிடென்ஷன் போனஸ் பதினெட்டு மாதம் முடிந்ததும் வரும், இருபத்து நான்கு மாதத்துக்குள் விலகினால் முழுதாகத் திருப்பிக் கட்ட வேண்டும். போன வருடம் எத்தனை சதவீதம் என்ற கேள்விக்கு மட்டும், "நிறுவனத்தின் செயல்பாட்டையும் தனிநபர் மதிப்பீட்டையும் பொறுத்தது" என்று இருந்தது.

இதைப் பணமாக மாற்றிப் பார்ப்போம். ஆகஸ்டில் சேர்ந்தால் மார்ச் வரை எட்டு மாதம். பயிற்சியைக் கழித்தால் ஐந்து. 50,000-இல் பன்னிரண்டுக்கு ஐந்து பங்கு என்றால் 20,833. முழு மதிப்பெண் வாங்கினாலும் முதல் பன்னிரண்டு மாதத்தில் வேரியபிளாக வரக்கூடியது அவ்வளவுதான். ரிடென்ஷன் முதல் வருடத்தில் ஒரு ரூபாயும் வராது. "ஆண்டுக்கு 5 லட்சம்" என்று எழுதிய கடிதத்தில் இருந்த ஒரு லட்சத்தில், முதல் ஆண்டில் வருவது அதிகபட்சம் இருபதாயிரத்துச் சொச்சம். நிறுவனம் பொய் சொல்லவில்லை. எல்லாம் எழுத்தில் இருந்தது, முதல் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்தது செலவு. இங்கேதான் ஊர் முக்கியமாகிறது. சென்னையில் அலுவலகத்துக்குப் பக்கத்தில் மூன்று பேர் தங்கும் பெண்கள் விடுதி, சாப்பாட்டோடு 9,000 என்று அவருடைய சீனியர் ஒருவர் விசாரித்துச் சொன்னார். அலுவலகம் போய்வர 1,500. விடுதியில் சாப்பிட முடியாத நாட்களுக்கும் வார இறுதிக்கும் 1,500. மாதம் ஒன்றிரண்டு முறை ஊருக்கு வந்துபோக 1,500. மொத்தம் 13,500. 28,200-இல் இதைக் கழித்தால் மிஞ்சுவது 14,700.

தஞ்சாவூருக்குப் பாபநாசத்திலிருந்து ரயிலில் அரை மணிக்கு மேல் கொஞ்சம் ஆகும். கும்பகோணம், பாபநாசம், அய்யம்பேட்டை பக்கத்திலிருந்து தினமும் தஞ்சைக்கு வேலைக்குப் போகிறவர்கள் சீசன் டிக்கெட்டில் போவதைப் பார்த்திருப்பீர்கள். சீசன் டிக்கெட், ஸ்டேஷனிலிருந்து அலுவலகம் வரை போக்குவரத்து, ரயில் தவறும் நாளில் பஸ், எப்போதாவது வெளியில் சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தாராளமாக 2,500 போட்டோம். வீட்டில் இருந்தால் செலவே இல்லை என்று கணக்குப் போடுவது தவறு. சம்பாதிக்கிற பிள்ளை வீட்டில் சாப்பிடும்போது வீட்டுக்குக் கொடுப்பதுதான் முறை, கொடுக்கவும் செய்வார்கள். அதற்கு 4,000. 25,700-இல் 6,500-ஐக் கழித்தால் மிஞ்சுவது 19,200.

மாதாமாதம் கையில் மிஞ்சுவதில் தஞ்சாவூர் 4,500 ரூபாய் முன்னால் நிற்கிறது. சிடிசியில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் பின்தங்கியிருந்த ஆஃபர் இது. வருடத்துக்கு இந்த வித்தியாசம் 54,000. ஆகவே உண்மையான கேள்வி, சென்னையின் அந்த ஒரு லட்சத்தில் வருடத்துக்கு 54,000-க்கு மேல் கைக்கு வருமா என்பதுதான்.

முதல் வருடத்தில் வராது என்று பார்த்துவிட்டோம். சென்னை 1,76,400-உடன் 20,833 சேர்த்து 1,97,233. தஞ்சாவூர் 2,30,400. தஞ்சாவூர் 33,000 சொச்சம் கூடுதல். இரண்டு வருடத்தைச் சேர்த்துப் பார்த்தால் கதை கொஞ்சம் மாறுகிறது. சென்னையில் இரண்டு வருடத்து மிச்சம் 3,52,800. முதல் வேரியபிள் 20,833, இரண்டாவது 50,000, ரிடென்ஷன் 50,000. மொத்தம் 4,73,633. தஞ்சாவூரில் 4,60,800. எல்லாம் நூற்றுக்கு நூறு வந்து, இருபத்து நான்கு மாதமும் விலகாமல் இருந்தால் சென்னை 12,800 ரூபாய் கூடுதல். வேரியபிள் எழுபது சதவீதம் மட்டும் வந்தால் தஞ்சாவூர் எட்டாயிரத்துச் சொச்சம் கூடுதல். சம்பள உயர்வை இரண்டு பக்கமும் கணக்கில் எடுக்கவில்லை, ஏனென்றால் அதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இரண்டு வருடத்தில் ஏறக்குறைய சமம் என்பதை அப்பாவிடம் சொன்னபோது அவர் வேறொன்றைக் கேட்டார். "ஒண்ணாதானே வருது, அப்ப எது முன்னாடி வருது?" விவசாயம் செய்பவர் கேட்கும் கேள்வி. அவர் வீட்டில் பணம் வருவது அறுவடையை ஒட்டித்தான். சம்பா சாகுபடி நேரத்தில், ஆவணியிலிருந்து கார்த்திகை வரை, உரத்துக்கும் ஆள் கூலிக்கும் போய்க்கொண்டே இருக்கும். தை, மாசியில் நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ப் பணம் கைக்கு வரும் வரை இறுக்கம்தான். கூடவே பெண்ணின் கல்விக் கடன் இருக்கிறது. படிப்பு முடிந்து சலுகைக் காலமும் முடிந்தால் மாதத் தவணை தொடங்கும். வங்கியில் கேட்டதில் ஐயாயிரத்தை ஒட்டி வரும் என்றார்கள். மாதம் 14,700 மிஞ்சும் இடத்தில் அந்தத் தவணையைக் கட்டினால் பத்தாயிரம்கூட நிற்காது. ஜூனில் வரும் வேரியபிளை வைத்து நவம்பர் மாதத் தவணையைக் கட்ட முடியாது.

சென்னையில் சேரும்போது கையில் கொஞ்சம் பணமும் வேண்டும். விடுதிக்கு ஒரு மாத அட்வான்ஸ், முதல் மாத வாடகை, சம்பளம் வரும் வரை செலவு. மாதத்தின் பின்பாதியில் சேர்ந்தால் சில நிறுவனங்களில் அந்த மாதத்துச் சம்பளம் அடுத்த மாதத்தோடுதான் சேர்ந்து வரும், சம்பளப் பட்டியலை இருபதாம் தேதி வாக்கில் மூடிவிடுவார்கள். இருபத்தைந்தாயிரம் ரூபாயாவது வீட்டிலிருந்து போக வேண்டியிருக்கும். சாகுபடி நேரத்தில் அது எங்கிருந்து வரும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

தஞ்சாவூர் ஆஃபரில் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். சின்ன நிறுவனம். ஓரிரண்டு வாடிக்கையாளர்களை நம்பி ஓடும் நிறுவனமாக இருந்தால், அவர்களில் ஒருவர் போனாலும் சம்பளம் தள்ளிப்போகும். அங்கே ஏற்கனவே வேலை பார்ப்பவரைத் தேடிப்பிடித்து இரண்டே கேள்வி கேட்கச் சொன்னேன்: சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, போன வருடம் ஏதாவது ஒரு மாதம் தாமதமானதா? மாதக் கடைசி நாளில் வந்துவிடும், தாமதமானதில்லை என்று பதில். கூடவே வேலை என்ன என்றும் கேட்டுக்கொண்டார். சென்னையில் பயிற்சிக்குப் பிறகு எந்தப் பிரிவில் போடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. தஞ்சாவூரில் எந்த வேலைக்கு எடுக்கிறார்கள் என்று கடிதத்திலேயே இருந்தது, அவருக்குப் பிடித்த வேலையும்கூட. பணம் சமமாக நிற்கும்போது நான் இதற்குத்தான் எடை கொடுப்பேன். அந்தப் பெண் தஞ்சாவூரை எடுத்துக்கொண்டார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

ஆனால் இதே இரண்டு கடிதங்கள் வேதாரண்யத்தில் ஒரு வீட்டுக்கு வந்திருந்தால் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். அங்கிருந்து தினமும் தஞ்சாவூர் போய்வர முடியாது, அங்கேயும் விடுதிதான். தஞ்சாவூரில் விடுதி சாப்பாட்டோடு 6,500, மற்ற செலவு 2,500 என்று வைத்தால் மிஞ்சுவது 16,700. சென்னையைவிட மாதம் 2,000 மட்டுமே கூடுதல், இரண்டு வருடத்துக்கு 48,000. சென்னையின் வேரியபிளும் ரிடென்ஷனும் சேர்ந்து 1,20,833. வேரியபிள் பாதிதான் வந்தாலும் சென்னை நன்றாகவே முந்திவிடும். பெற்றோருக்கு 5 லட்சம் காப்பீடும் அந்தப் பக்கம் இருக்கிறது. கடிதம் ஒன்றே, வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு எவ்வளவு தூரம் என்பது விடையை மாற்றிவிடுகிறது. அதனால் நண்பன் எடுத்த முடிவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் வீட்டு முகவரியை வைத்துக் கணக்கைப் புதிதாகப் போடுங்கள்.

இந்தக் கடிதங்களில் இல்லாத, ஆனால் நான் அடிக்கடி பார்த்த இரண்டு சங்கதிகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, பி.எஃப். வரியில் மாதம் 1,800-க்குப் பதில் 1,950 இருக்கும். கூடுதல் 150, இன்சூரன்ஸ் திட்டத்துக்கும் நிர்வாகக் கட்டணத்துக்கும் போவது, உங்கள் கணக்கில் சேராது. தொகை சிறியது, ஆனால் அதைச் சேமிப்பாக எண்ண வேண்டாம். இன்னும் மோசமானது, நிறுவனத்தின் பங்கையும் மாதச் சம்பளத்துக்குள் சேர்த்துக் காட்டிவிட்டு, ஊதியச் சீட்டில் 1,800-ஐ இரண்டு முறை பிடிப்பது. நிறுவனத்தின் பங்கை ஊழியரின் ஊதியத்திலிருந்து பிடிக்கக் கூடாது என்பது பி.எஃப். விதி. சிடிசி என்ற பெயரில் அதைச் சுற்றி வருகிறார்கள். "இந்த மாதச் சம்பளத்தில் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு அடங்கியிருக்கிறதா?" என்று ஒரு வரி கேட்டால் தெரிந்துவிடும். அடங்கியிருக்கிறது என்றால் மாதச் சம்பளத்தில் 1,800-ஐ முதலிலேயே கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, பேசிக் அதிகமாக இருந்து 12 சதவீதமும் முழுதாகப் பிடிக்கும் நிறுவனம். பேசிக் 20,000 என்றால் உங்கள் பங்கு 2,400, நிறுவனத்தின் பங்கு 2,400. கையில் வருவது குறைவாகத் தெரியும், அதற்காக அந்த ஆஃபரை ஒதுக்கிவிடக் கூடாது. கையில் குறைகிற அந்தத் தொகை உங்கள் பெயரில்தான் சேர்கிறது. தவணை, வாடகை போன்ற கட்டாயச் செலவு இல்லாதவருக்கு இது நல்ல ஆஃபர், மாதக் கையிருப்பு முக்கியம் என்பவருக்கு இடைஞ்சல்.

சேர்ந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. முதல் முழு மாத ஊதியச் சீட்டை அனெக்ஷரின் பக்கத்தில் வைத்து, பேசிக், வாடகைப் படி, ஸ்பெஷல் அலவன்ஸ் மூன்றும் பன்னிரண்டில் ஒரு பங்காக இருக்கிறதா என்று பாருங்கள். பி.எஃப். பணத்தை நிறுவனம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஆகஸ்ட் சம்பளத்தின் பங்கு செப்டம்பர் கடைசியில் பாஸ்புக்கில் தெரிய வேண்டும், உங்கள் பங்கும் நிறுவனத்தின் பங்கும். சீட்டில் பிடித்திருக்கிறார்கள், பாஸ்புக்கில் இல்லை என்றால் அந்த மாதமே ஹெச்ஆருக்கு மெயில் அனுப்புங்கள். இன்னும் ஒரு மாதம் பார்த்தும் ஏறவில்லை என்றால், யுஏஎன் என்ற உங்கள் பி.எஃப். எண்ணை வைத்து EPFiGMS தளத்தில் நீங்களே புகார் பதியலாம்.